நண்பனின் வெள்ளணி நாள்

2025ஆம் ஆண்டு மே மாதத்தின் இறுதி வாரத்தில், பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தின் மேல்மாடியில் அமர்ந்து, ஒரு வாழ்த்துக் கடிதத்தை நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் கிழித்தெறிந்தேன். உயர்தர வகுப்பில் என்னுடன் ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன், கல்வியியற் கல்லூரியில் மூன்றாண்டுப் பயிற்சியை முடித்துக்கொண்டு, கலஹாவுக்கு அப்பால் உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியனாகக் கடமையேற்கவிருந்தான். நியமனக் கடிதத்தில் குறிக்கப்பட்டிருந்த நாள் யூன் 2, திங்கட்கிழமை. அவன் பிறந்ததும் 2001ஆம் ஆண்டு யூன் 2ஆம் நாளே. அன்று அவனுக்கு இருபத்து நான்கு வயது நிறைவெய்துகின்றது.

பிறந்தநாளுக்கு வாழ்த்துவதா, முதல் உத்தியோகத்துக்கு வாழ்த்துவதா, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்குவதா என்பதே எனக்கேற்பட்ட இடர்ப்பாடு. இந்தியாவில் தந்திச் சேவை இயங்கிய காலத்தில் வாழ்த்துத் தந்திகளுக்கென ஆயத்த வாசகங்கள் இலக்கமிடப்பட்டிருந்தன. பிறந்தநாளுக்கு ஓர் இலக்கம், திருமணத்துக்கு ஓர் இலக்கம் என்றவாறு, அனுப்புவோர் இலக்கத்தைக் குறித்தாற் போதும். பெறுவோருக்கு வாசகம் போய்ச் சேரும். 2013ஆம் ஆண்டு யூலையில் அச்சேவை நிறுத்தப்பட்டது. அத்தகைய இலக்கமொன்று எனக்கும் கிடைத்திருப்பின் கடிதங்களைக் கிழிக்க நேர்ந்திராது.

முதல் மூன்று கடிதங்களிலும் ‘அதிர்ஷ்டம் உண்டாகுக’ என்று எழுதியிருந்தேன். அச்சொல்லே என்னை இடறிற்று. வடமொழியில் ‘காணப்படாதது’ என்பது அதன் பொருள். கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளத்தில் படித்து, மூன்றாண்டுப் பயிற்சியையும் முடித்து நியமனம் பெற்ற ஒருவனுக்குக் காணப்படாத ஒன்றை வாழ்த்தாக அனுப்புவது, அவனது உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுவதாக எனக்குத் தோன்றியது.

அவ்வேளையில் விரிவுரைக்காகப் படித்துக்கொண்டிருந்த தொல்காப்பியம் துணைக்கு வந்தது. பிறந்தநாளைப் பற்றிப் புறத்திணையியல் பேசுகின்றது. அரசன் தான் பிறந்த நாளில் சினத்தை நீக்கிக் கொண்டாடும் மங்கலம் அங்கு கூறப்படுகின்றது. அந்நாளில் கொலையும் சிறையும் தவிர்க்கப்பட்டமையை உரையாசிரியர்கள் விளக்குவர். அரசன் வெண்ணிற ஆடையணிந்து தோன்றுதலின் ‘வெள்ளணி’ என்றும் அந்நாளைக் குறிப்பர். செய்யுளியலிலோ வாழ்த்து இரண்டு வகையாக வருகின்றது. வழிபடு தெய்வம் காக்க, நீ குறைவின்றி வாழ்க என்பது புறநிலை வாழ்த்து. வேம்பைப் போல முதலிற் கைத்துப் பின்னர் நன்மை பயக்கும் சொற்களைக் கூறுவது வாயுறை வாழ்த்து. பிறந்தநாளுக்கு முன்னது, உத்தியோகத்துக்குப் பின்னது என்று பிரித்துக்கொண்டேன். புலவர்கள் அரசர்க்குச் செய்த காரியத்தைத் தோட்டப் பாடசாலை ஆசிரியனுக்குச் செய்வதில் தவறேதும் இருப்பதாக நான் கருதவில்லை.

எனினும் வாயுறை வாழ்த்துக்குச் சரக்கு வேண்டுமே! கம்பளையில் வசிக்கும் என் அத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை. அவரிடம் சென்றேன். “பிறந்தநாளில் கடமையேற்கிறானா? நல்லது தம்பி, அவனுக்கு ஒரு திகதியை மட்டும் காப்பாற்றினாற் போதும்” என்றார். பின்னர் அவர் விளக்கியவை எனக்கு முற்றிலும் புதியவை.

அரச ஊழியர் ஒருவரின் சுயவிபரக் கோவையில் இரண்டு திகதிகளே உயிர்நாடி. ஒன்று பிறந்த திகதி. மற்றையது நியமனத் திகதி. முதலாவது அவர் எப்போது ஓய்வுபெறுவார் என்பதைத் தீர்மானிக்கின்றது. இரண்டாவதிலிருந்து தகுதிகாண் காலமும் வருடாந்தச் சம்பள ஏற்றமும் ஓய்வூதியத்துக்கான சேவைக்காலமும் கணிக்கப்படுகின்றன. பெரும்பாலானோருக்கு இவை வெவ்வேறு மாதங்களில் வருவதால், நினைவில் வைத்திருக்கத் தவறுவதும் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதிவிடுவதும் உண்டு. என் நண்பனுக்கோ இரண்டும் ஒரே நாள். ஒவ்வோர் ஆண்டும் அவனுக்கு வயது கூடும் நாளிலேயே சம்பள ஏற்றமும் வரும். மூன்றாண்டுத் தகுதிகாண் காலம் 2028ஆம் ஆண்டுப் பிறந்தநாளுக்கு முன்தினம் நிறைவுறும். ஓய்வு வயது 60 ஆகவே நீடிப்பின், 2061ஆம் ஆண்டு யூன் 2ஆம் நாள் அவன் ஓய்வுபெறும்போது சேவைக்காலம் ஒரு நாளும் கூடாமற் குறையாமல் முப்பத்தாறு ஆண்டுகளாக இருக்கும். நீடிப்பின் என்று நான் கூறுவதற்குக் காரணமுண்டு. 2022இல் அவ்வயது 65 ஆக உயர்த்தப்பட்டு, அவ்வாண்டின் முடிவிலேயே மீண்டும் 60க்குக் கொண்டுவரப்பட்டதை நாம் கண்டோமல்லவா?

திகதி பிழைத்தால் என்னவாகும் என்பதற்கு அத்தையே சாட்சி. அவரது பிறப்பு ஆண்டின் கடைசி இலக்கம் 1. யாரோ ஓர் எழுதுவினைஞர் அதனை 7 என வாசித்துக் கோவையின் முதற்பக்கத்தில் பதிந்துவிட்டார். முப்பது ஆண்டுகளாக அப்பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ஓய்வுக்கு மூன்று மாதங்கள் இருக்கையிலேதான் வெளிப்பட்டது. பிறப்புப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதியைப் பெறவும், சத்தியக்கடதாசி முடிக்கவும், அலுவலகப் படிகளில் ஏறியிறங்கவும் அவர் பட்ட பாட்டைக் குடும்பத்தில் நாமெல்லோரும் அறிவோம்.

இதனைக் கேட்டுவந்து நண்பனிடம் கூறியது என் பிழை. மே 30ஆம் நாள் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தான். குரல் நடுங்கிற்று. “மச்சான், என் அடையாள அட்டையில பிறந்த நாள் ஒன்று கூடுதலா இருக்கு. பிறப்புச் சான்றிதழோட ஒத்துப்போகல்ல. நியமனத்தை நிறுத்திடுவாங்களோ?” என்றான்.

நமது தேசிய அடையாள அட்டையின் புதிய பன்னிரண்டு இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளிற் பிறந்தோம் என்பதைக் குறிப்பன. பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். நண்பனின் அட்டையில் அம்மூன்று இலக்கங்கள் 154. நாட்காட்டியை வைத்து எண்ணிப்பார்த்திருக்கின்றான்: சனவரி 31, பெப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31, ஆக 151. யூன் 2ஆம் நாள் 153ஆவது நாள். ஒரு நாள் இடிக்கின்றது.

என் அட்டையை எடுத்து நானும் எண்ணினேன். செப்டம்பரிற் பிறந்த எனக்கும் ஒன்று கூடுதலாகவே இருந்தது. உறக்கத்திலிருந்த அறைத்தோழர்களை எழுப்பி அவர்களது அட்டைகளையும் வாங்கினேன். (அவர்கள் அன்று கூறிய வாழ்த்துரைகளை இங்கே எழுதவியலாது.) சனவரியிற் பிறந்தவனுக்குக் கணக்குச் சரியாக இருந்தது. 2000ஆம் ஆண்டு நவம்பரிற் பிறந்தவனுக்கும் சரியாக இருந்தது. மற்றைய இருவருக்கும் ஒன்று கூடியிருந்தது. 2000 லீப் ஆண்டு என்பது நினைவுக்கு வந்ததும் புதிர் அவிழ்ந்தது. அட்டை இலக்கத்தில் எல்லா ஆண்டுகளுக்கும் பெப்ரவரி மாதம் 29 நாட்களாகவே எண்ணப்படுகின்றது. எனவே சாதாரண ஆண்டொன்றில் மார்ச் முதலாம் நாளோ அதன் பின்னரோ பிறந்த எவருக்கும் ஒன்று கூடுதலாகத் தோன்றும். 152உடன் 2ஐக் கூட்டினால் 154. நண்பனின் அட்டையில் பிழை எதுவுமில்லை; அவனுடைய நாட்காட்டியிலும் பிழையில்லை.

நள்ளிரவு கடந்து அவனை அழைத்து இதனை விளக்கினேன். நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், தாயார் இன்னும் உறங்கவில்லை என்றும், சாமிப் படத்துக்கு முன்னால் இருக்கிறார் என்றும், அவரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்றும் கூறித் தொலைபேசியை வைத்தான். அவனது குடும்பத்தில் மாதச் சம்பளம் பெறப்போகும் முதல் அரச ஊழியன் அவன் என்பதை அந்த மௌனத்திலேதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

ஐந்தாவது கடிதம் அதன் பின்னரே எழுதப்பட்டது. அதன் பெரும்பகுதி வேம்பு. ஏழரை மணிக்கு முன்னர் வரவுப் புத்தகத்திற் கையொப்பமிடு. சிவப்புக் கோடு இழுக்கப்பட்ட பின்னர் உன் பெயர் அதற்குக் கீழே விழும், முதல் நாளிலேயே அவ்வாறு விழவேண்டாம். நீ கடமையேற்றதை அதிபர் சம்பவத் திரட்டுப் புத்தகத்திற் பதியும்போது, திகதியை உன் கண்ணாற் பார். கடமையேற்புக் கடிதம் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் முன்னர் அதன் பிரதியொன்றை வாங்கிக்கொள். கோவை திறக்கப்படும்போது முதற்பக்கத்தை நீயே வாசி. உன் பெயரின் எழுத்துக்கள் பிறப்புச் சான்றிதழில் உள்ளவாறே இருக்கின்றனவா என்று பார். உன் பத்திரங்கள் அலுவலகத்தைச் சேர்ந்து சம்பளப் பட்டியலில் உன் பெயர் ஏறுவதற்கிடையில் முதல் மாதம் கழிந்துவிடக்கூடும். அப்பணம் நிலுவையாக வந்துசேரும். அதுவரையும் பஸ் கட்டணத்துக்கு என்னிடம் கேள், தாயாரிடம் கேளாதே.

பிறந்தநாளுக்கென இறுதியில் மூன்று வரிகளே எழுதினேன். பழைய அரசர்கள் தம் பிறந்தநாளில் வெண்ணிற ஆடையணிந்து சினந்தவிர்த்தார்களாம். உனக்கு அந்தச் சிரமம் இல்லை. காலைக் கூட்டத்தில் உன் முன்னால் நிற்கப்போகும் பிள்ளைகள் எல்லோரும் வெள்ளை உடுத்தியிருப்பார்கள். அன்றைக்கு ஒருநாளாவது எவனையும் வாங்கின்மேல் ஏற்றிவிடாதே.

கண்டியிலிருந்து கலஹாவுக்குச் செல்லும் பஸ் பேராதனையில் கலஹா சந்தியால் திரும்பி, நமது பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்தே மேலேறுகின்றது. ஆகையால் தபாலில் இடவேண்டிய தேவை ஏற்படவில்லை. யூன் 2ஆம் நாள் அதிகாலை ஐந்தரை மணிக்கே சந்திக்குச் சென்று நின்றேன். மகாவலிப் பக்கமிருந்து மூடுபனி எழுந்து வீதியை மறைத்திருந்தது. மூன்று பஸ்களை எட்டிப் பார்த்து ஏமாந்தேன். நான்காவதில், சாரதிக்குப் பின்னாலுள்ள இரண்டாவது ஆசனத்தில், மடியில் ஒரு கோவையை இரு கைகளாலும் அணைத்தவாறு அவன் இருந்தான். தலை வாரப்பட்டிருந்தது; நெற்றியில் திருநீறு. யன்னலூடாகக் கடிதத்தை நீட்டினேன்.

“வாழ்த்தா?” என்றான்.

“வேம்பு. இடத்துக்குப் போய்ச் சேருமுன் வாசி” என்றேன்.

நடத்துநர் மணியடித்தார். பஸ் நகர்ந்தது. யன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஏதோ கூறினான். எஞ்சின் இரைச்சலிற் கேட்கவில்லை. எட்டு மணி விரிவுரைக்கு இன்னும் நேரமிருந்தமையால் சந்திக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்தேன். ஏழு இருபத்தைந்துக்கு என் தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: “கோட்டுக்கு மேலே.”