ஒரே ஒரு சீட்டு

கிளி ஜோசியத்தைப் பத்தி டாக்டர் த்ரெட் போடறதான்னு சிரிக்காதீங்க. விஷயம் கிளியில இல்ல, யூரின் எரிச்சல்ல இருக்கு. அந்த அம்மாகிட்ட கேட்டுட்டு, அடையாளங்களை மாத்தித்தான் எழுதறேன்.

கொங்குப் பக்கத்து அம்மா. வயசு 54. கணவர் இறந்து ஒன்பது வருஷம். அவர் அரசு டிரைவரா இருந்ததால குடும்ப ஓய்வூதியம் வருது. சுகர் மாத்திரை வாங்க மாசாமாசம் எங்க ஓபிக்கு வருவாங்க. மூணு மாசமா ஒரே புகார்: யூரின் போனா எரியுது. மெடிக்கல்ல கேட்டு ரெண்டு தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டாச்சு, கேக்கல. டெஸ்ட் எடுத்தா யூரின்ல கிருமி இல்ல. சுகரும் கட்டுக்குள்ள.

"பீரியட்ஸ் நின்னு எத்தனை வருஷம் ஆச்சும்மா?"

"ஆறு வருசம் இருக்கும் கண்ணு."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தவங்க, சம்பந்தமே இல்லாம கிளி ஜோசியத்துக்குப் போன கதையைச் சொன்னாங்க. கோயில் வாசல்ல ஜோசியர் இருந்தாராம், கூண்டுல கிளி இல்லையாம். வனத்துறைக்காரங்க கொண்டு போயிட்டாங்களாம். (நம்ம ஊர்க் கிளியைப் பிடிச்சு அடைக்கிறது சட்டப்படி குத்தம், நல்ல காரியம்.) அதனால சீட்டையெல்லாம் விரிச்சு வச்சு, "நீங்களே ஒண்ணு எடுங்கம்மா"ன்னிருக்கார். எடுத்தா மீனாட்சி கல்யாணம் படம். "பிற்காலத்துல ஒரு துணை அமையும்"னு சொல்லிட்டாராம்.

"சிரிச்சுட்டு வந்துட்டேனுங்க. ஆனா ராத்திரி தூக்கம் வரல."

துணை ஏற்கெனவே அமைஞ்சிருந்தது. எங்க ஆஸ்பத்திரி மாத்திரை வரிசையிலதான். மனைவியை இழந்தவர், அறுபது வயசு, பிரஷர் பேஷண்ட். பழகி ஒரு வருஷம் ஆகுது. நாலு மாசத்துக்கு முன்னாடி நெருங்கினப்ப தாங்க முடியாத வலி. அதுக்கப்புறம்தான் எரிச்சல். "சாமி குத்தமோ"ன்னு நினைச்சவங்களுக்கு, அந்தச் சீட்டுதான் வாயைத் திறக்க தைரியம் கொடுத்திருக்கு.

சாமி குத்தம் இல்லீங்க. மாதவிடாய் நின்னதும் ஈஸ்ட்ரோஜன் குறையுது. பிறப்புறுப்போட உள்தோல் மெலிஞ்சு, வறண்டு, இழுபடுற தன்மையை இழந்துடுது. யூரின் வர்ற வழியும் அதே ஹார்மோனை நம்பி இருக்கிறதால அதுவும் எரியும். கிருமியே இல்லாதப்ப ஆன்டிபயாடிக் என்ன செய்யும்? மாதவிடாய் நின்ன பிறகு திரும்பத் திரும்ப எரிச்சல், டெஸ்ட் நார்மல்னா இதை யோசிக்கணும். சுகர் இருக்கறவங்களுக்குப் பூஞ்சைத் தொற்றும் இதே மாதிரி தெரியும். அதனால நேர்ல பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

மகப்பேறு ஓபியில காமிச்சோம். தோல் வெளிறி, மெலிஞ்சு இருந்தது, பூஞ்சை இல்ல. குறைஞ்ச அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் உள்ள வைக்க எழுதினாங்க: முதல் ரெண்டு வாரம் தினமும் ராத்திரி, அப்புறம் வாரம் ரெண்டு நாள். உறவு நேரத்துக்குத் தண்ணி கலந்த ஜெல் தனி. ஆணுறை போட்டா தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பர் கிழிஞ்சிடும். கிரீம் எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேட்டாங்க: மார்பகப் புற்றுநோய் இருந்ததா? மாதவிடாய் நின்ன பிறகு ரத்தம் பட்டுச்சா? ரெண்டாவதுக்கு ஆமான்னு வந்தா கிரீம் இல்ல, முதல்ல ஸ்கேன். கர்ப்பப்பைப் புற்றுநோய் அப்படித்தான் முதல்ல தலை காட்டும். ஒரு சொட்டுன்னாலும் "வறட்சிதான்"னு விட்டுடாதீங்க. இவங்களுக்கு அது இல்ல.

"கர்ப்பம் ஆகப்போறதில்லையே, ஆணுறை எதுக்குங்க?"ன்னு கேட்டாங்க. புதுத் துணைன்னா எந்த வயசுலயும் ஹெச்ஐவி, சிபிலிஸ் டெஸ்ட் ரெண்டு பேரும் எடுக்கணும்னு சொன்னேன். நம்பிக்கை மையத்துல ஹெச்ஐவி டெஸ்ட் இலவசம், ரகசியமா இருக்கும். அடுத்த வாரம் அவரையும் கூட்டிட்டு வந்தாங்க. அவர் அஞ்சடி தள்ளி நின்னு, சுவத்துல இருந்த டெங்கு போஸ்டரை வரி விடாம படிச்சிட்டிருந்தார். ரெண்டு பேருக்கும் நெகட்டிவ்.

இன்னொண்ணையும் கேட்டாங்க, அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. "தாலி கட்டிக்கிட்டா பென்சன் நின்னுருமா?" நிக்கும். நம்ம மாநில விதிப்படி விதவைக்கான குடும்ப ஓய்வூதியம் இறப்பு வரைக்கும் இல்ல மறுமணம் வரைக்கும்தான். கல்யாணம் பண்ணா வருமானம் போகும், பண்ணாம இருந்தா ஊர் வாய். துணையும் சோறும் ஒண்ணுக்கொண்ணு எதிரா நிக்கிற விதி இது. எனக்கு இது சரியாப் படல.

பத்து வாரம் ஆச்சு. எரிச்சல் போயிடுச்சு. வலியும் பெருசா இல்லைன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாங்க. கிரீம் வாரம் ரெண்டு நாள் தொடருது. கல்யாண விஷயம் இன்னும் முடிவாகல. மகன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டிருக்காங்க. அந்தச் சீட்டு படத்தைப் போன்ல எடுத்து வச்சிருக்காங்க, எனக்கும் காமிச்சாங்க.