கடைசி நாளிலும் கேஷ் டேலி ஆகணும்!

எங்கள் வங்கிக் கிளையில் பணி நிறைவு விழா என்றால் அதற்கென்று ஒரு முறை உண்டு. மாதக் கடைசி நாள், மாலை ஐந்து மணி, சால்வை, சுவர்க் கடிகாரம், கேசரி, மெதுவடை. பேசுகிறவர்கள் எல்லோரும் ஓய்வு பெறுகிறவரை ஆலமரம் என்பார்கள். போன வருடம் ஒரே விழாவில் நான்கு பேர் ஆலமரம் என்றார்கள். ஐந்தாவதாகப் பேசியவர் சற்று யோசித்து அரசமரம் என்றார்.

இந்த முறை ஓய்வு பெற்றவர் எங்கள் தலைமைக் காசாளர். கிளையில் அவருக்கு 'ரப்பர் பேண்ட் சார்' என்று பெயர். இடது மணிக்கட்டில் எப்போதும் ஐந்தாறு ரப்பர் பேண்ட் கிடக்கும். அவருக்குப் பக்கத்து கவுன்டரில் பல வருடம் உட்கார்ந்தவள் என்பதால், "நீதான் பேசணும்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சாரிடம் போய்ச் சொன்னேன். நோட்டு எண்ணுவதை நிறுத்தாமலே, "பேசு. ஆனா பொய் சொல்லாதம்மா" என்றார்.

ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அதில் ஆலமரம் இருந்தது.

விழா அன்று ஐந்து மணிக்கு நாற்காலி போட்டு, மாலையும் வாங்கி வைத்து எல்லோரும் காத்திருந்தோம். சாரின் மனைவியும் மகனும் வந்துவிட்டார்கள். விழா நாயகரை மட்டும் காணோம். கேஷ் கேபினுக்குள் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். பத்து ரூபாய் குறைகிறதாம்.

"சார், பத்து ரூபாதானே, நான் போட்டுடறேன்" என்று புதிதாக வந்த பையன் பர்ஸை எடுத்தான். சார் நிமிர்ந்து பார்த்த பார்வையில் பர்ஸ் தானாக உள்ளே போய்விட்டது. இருபத்தைந்து நிமிடம் கழித்து, டிராயர் இடுக்கில் செருகியிருந்த பத்து ரூபாய் நாணயம் கிடைத்தது. அதன் பிறகுதான் மாலை.

மைக்கைப் பிடித்ததும் அதிலிருந்தே தொடங்கினேன். நான் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக் கீழே தருகிறேன்.

*

"எல்லாருக்கும் வணக்கம். அந்தப் பத்து ரூபாயை சார் ஏன் பாக்கெட்டிலிருந்து போடவில்லை என்று இங்கே பலர் நினைத்திருப்பீர்கள். வேலையில் சேர்ந்த வருடம் நானும் இதையே கேட்டேன். சார் சொன்னார்: 'இன்னிக்குப் பத்து ரூபா போட்டு மூடினா, தப்பு எங்கே நடந்ததுன்னு தெரியாமலே போயிடும். நாளைக்கு நூறு போடுவோம். பத்து ரூபா கூடுதலா இருந்தா, நேத்துப் போட்டதுதானேன்னு எடுத்துக்குவோம். சொந்தக் காசும் பேங்க் காசும் ஒரே டிராயர்ல கலந்துட்டா, அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது.'

சேர்ந்த மூன்றாவது வாரம் என் கவுன்டரில் 4,500 ரூபாய் குறைந்தது. அன்று அது எனக்குப் பெரிய தொகை. குறைந்தால் காசாளர்தான் கட்ட வேண்டும். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன். சார் எதையும் கவனிக்காத மாதிரி, 'நாலும் அஞ்சும் கூட்டினா எவ்வளவு?' என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பணம் போன துக்கத்தில் இருக்கிறேன், இவர் ஒன்றாம் வகுப்புக் கணக்குக் கேட்கிறாரே என்று. 'ஒன்பது சார்' என்றேன்.

'அப்போ 4,500 ஒன்பதால மிச்சமில்லாம வகுபடும். ஒரு நம்பர்ல பக்கத்துப் பக்கத்து இலக்கம் ரெண்டும் இடம் மாறினா, வர்ற வித்தியாசம் எப்பவும் ஒன்பதால வகுபடும். வகுத்துப் பாரு, 500 வருது. அப்படின்னா ஆயிரம் இடமும் நூறு இடமும் மாறியிருக்கு, அந்த ரெண்டு இலக்கத்துக்கும் நடுவுல அஞ்சு வித்தியாசம். ஒண்ணு–ஆறு, ரெண்டு–ஏழு, மூணு–எட்டு... அந்த மாதிரி செலானைத் தேடு.'

உடனே செலான் கட்டில் கை வைத்தேன். 'இரு' என்று நிறுத்தினார். 'ஒன்பது ஐந்நூறு ரூபா நோட்டும் 4,500தான். யாருக்காவது நோட்டுக் கூடப் போயிருந்தா செலான்ல கிடைக்காது. முதல்ல நோட்டை எண்ணு. கையில இருக்குறது எவ்வளவுன்னு உறுதியாத் தெரியாம காகிதத்தைத் தேடக் கூடாது.'

இரண்டு முறை எண்ணினேன். வித்தியாசம் மாறவில்லை. பிறகு அன்று வாங்கிய செலான்களை ஒவ்வொன்றாகத் திரையோடு ஒத்துப் பார்த்தோம். நாற்பத்தி சொச்சமாவது செலானில் ஒரு பால்காரர் கட்டியது 2,700. நான் கணினியில் ஏற்றியிருந்தது 7,200. அவர் கணக்கில் 4,500 கூடுதலாக ஏறியிருந்தது. அன்றே திருத்தினோம். வீட்டுக்குக் கிளம்பும்போது மணி எட்டேகால். சாருக்கு ஊர்ப்பக்கம் போகிற கடைசிப் பஸ் எட்டு மணிக்கு. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் வாட்ச்மேன் அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

நான் அன்று சந்தோஷத்தில் இன்னொன்றும் கேட்டேன். 'சார், பணம் கூடுதலா இருந்தா பரவாயில்லைதானே?' அவர் முகம் மாறிவிட்டது. 'குறைஞ்சா நம்ம வீட்டுக் கஷ்டம். கூடினா, யாரோ ஒருத்தர் இந்நேரம் தன் வீட்டுல பணத்தைத் தேடிக்கிட்டிருக்காங்க. குறைஞ்சா ஒரு மணி நேரம் தேடு. கூடினா ரெண்டு மணி நேரம் தேடணும்.'

சாரைப் பற்றிப் புகார் இல்லாமலும் இல்லை. சாதாரணமாக ஒரு கட்டு என்றால் நூறு நோட்டு. இயந்திரம் நூறு என்று காட்டும். சார் அதை மறுபடி கையால் எண்ணுவார். 'மெஷின் பொய் சொல்லுமா சார்?' என்றால், 'சொல்லாது. ஆனா ஒட்டிக்கிட்ட நோட்டு சொல்லும்' என்பார். அவரால் நாங்கள் பார்க்காமல் போன சினிமா எத்தனை என்று கணக்குப் போட்டால் அதுவும் ஒன்பதால் வகுபடும் என்று நினைக்கிறேன்.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 2016 நவம்பர். எட்டாம் தேதி இரவு அறிவிப்பு வந்தது. பத்தாம் தேதி கதவைத் திறந்தபோது வரிசை பஸ் ஸ்டாண்டு வரை நின்றது. அந்தச் சனி, ஞாயிறும் வேலை. ஒருவருக்கு 4,500 ரூபாய் வரை பழைய நோட்டை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு நாள் மாலை, என் கவுன்டரில் 2,000 குறைந்தது.

இரண்டாயிரம் ஒன்பதால் வகுபடாது. சார் ஒரு தடவை எண்ணிவிட்டு, 'இது காகிதத்துல இல்லம்மா. யார் கைக்கோ போயிருக்கு' என்றார். புத்தம் புது நோட்டு, இரண்டு ஒட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தோம். எல்லோருக்கும் இரண்டு முறை எண்ணித்தான் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு பாட்டிக்கு மட்டும் ஒரு முறை. அந்த நேரத்தில் வரிசையில் ஏதோ சண்டை, நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

நோட்டு மாற்றும் படிவத்தில் பாட்டியின் முகவரி இருந்தது. மறுநாள் மாலை சாரும் நானும் போனோம். ஓட்டு வீடு. சார் சுற்றி வளைக்கவில்லை. 'அம்மா, நேத்து எங்க கணக்குல கொஞ்சம் பணம் இடிக்குது. உங்ககிட்ட கூட வந்துடுச்சான்னு ஒரு தடவை பார்க்க முடியுமா?' என்றார். பாட்டி, 'குடுத்ததை அப்படியே மருந்துக்கடைக்காரன்கிட்ட நீட்டிட்டேன் சாமி. எத்தனைன்னு நான் எண்ணலையே' என்றார். சார் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, 'சரிங்கம்மா' என்று எழுந்துவிட்டார்.

தெருமுனை வரை நான் பேசவில்லை. பிறகு வெடித்துவிட்டேன். 'இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டிருக்கலாம் சார். மருந்துக்கடையில விசாரிச்சிருக்கலாம்' என்றேன். சார் நின்றார். 'எண்ணாம கொடுத்தது யாரு?' என்றார். நான் பதில் சொல்லவில்லை. 'ஒரு தடவை கேக்கறது நம்ம கடமை. ரெண்டாவது தடவை கேட்டா, நீ திருடின்னு சொன்ன மாதிரி. கடைக்காரன்கிட்ட கேட்டா ஊருக்கே சொன்ன மாதிரி. நம்மகிட்ட இருக்குறது சந்தேகம்தான், சாட்சி இல்ல.'

மறுநாள் அந்த 2,000 ரூபாயைக் கட்டினேன். சார் பாதி தருகிறேன் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? ஒரு வாரம் அவரோடு நான் சரியாகப் பேசவே இல்லை. அதே நவம்பரில் அவர் கவுன்டரிலும் ஒரு நாள் பணம் குறைந்தது, அவரும் யாரிடமும் சொல்லாமல் கட்டினார் என்பதைப் பதிவேட்டில் அடுத்த மார்ச் மாதம்தான் பார்த்தேன். என்னுடையதைவிடப் பெரிய தொகை.

அந்தப் பாட்டி அதற்குப் பிறகும் மாதாமாதம் முதியோர் பென்ஷனுக்கு நம் கிளைக்குத்தான் வந்தார். என் கவுன்டருக்கே வருவார். என்னைப் பார்த்து, 'நல்லா இருக்கியா தாயி' என்று கேட்பார். அன்று நான் மருந்துக்கடை வரை போயிருந்தால், அந்த முகத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். சார், அந்த ஒரு வாரக் கோபத்துக்கு இன்றுதான் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த 2,000 ரூபாய்க்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்!"

*

எல்லோரும் சிரித்தார்கள். சார் மட்டும் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சாரின் மனைவி என் கையைப் பிடித்து, "அந்த மாசம் ஏன் வீட்டுக்குப் பணம் குறைச்சலாக் கொடுத்தார்னு இன்னிக்குத்தாம்மா தெரியுது" என்றார்.

ஏற்புரையில் சார் இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. பெட்டகத்தின் சாவியை மதியமே புதிய காசாளரிடம் ஒப்படைத்துவிட்டதாகவும், இருப்பை இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட்டாயிற்று என்றும் சொன்னார். அவருக்கு அதுதான் விடைபெறும் உரை.

கடைசியில் ஊழியர்கள் சார்பாக மேனேஜர் ஒரு கவரைக் கொடுத்தார். சார் வாங்கினார். வழக்கமாக எல்லோரும் கும்பிட்டுவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். சார் கவரைப் பிரித்து, விரலை நாக்கில் வைக்கப் போய் நிறுத்தி, மேஜையில் இருந்த ஸ்பாஞ்ச் டப்பாவைத் தேடினார். புதிதாக வந்த பையன் ஓடிப் போய்க் கேபினிலிருந்து எடுத்து வந்து நீட்டினான்.

அத்தனை பேர் முன்னிலையில் நிதானமாக எண்ணினார். மறுபடி ஒருமுறை எண்ணினார். ஒற்றை ரூபாய் நாணயத்தைத் தனியாக வைத்தார். "சரியா இருக்கு" என்றார். நோட்டுகளைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்ட், வழக்கம்போல அவர் மணிக்கட்டுக்குப் போயிருந்தது.