அரை டம்ளர் கஞ்சி

நிமோனியா வந்து பிழைத்த என் அண்ணனுக்கு வயது 81. காய்ச்சல் விட்டும் பசி திரும்பவில்லை. தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அண்ணி பெரிய டம்ளர் நிறைய நீர்க்கஞ்சி கொடுத்து வந்தார். வயிறு நிரம்பிவிடும், உள்ளே போனதோ இரண்டு ஸ்பூன் அரிசியும் மீதி தண்ணீரும்தான். அதன்பின் மூன்று மணி நேரம் எதுவும் இறங்காது.

பார்க்க வந்த டயட்டீஷியன் அளவைப் பாதியாக்கி, அதற்குள் சத்தை ஏற்றச் சொன்னார். அரிசியில் பாதி அளவு பாசிப்பருப்பை வறுத்துச் சேர்த்து, குழைய வேகவைத்து, பால் விட்டுக் கரைத்து, இறக்கியதும் ஒரு டீஸ்பூன் நெய். அந்த நெய்யிலேயே சுமார் 45 கலோரி இருக்கிறது. இரண்டு மணிக்கொரு தரம் அரை டம்ளர், நிமிர்ந்து உட்கார வைத்து. விழுங்கும்போது இருமல் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். "சாப்பிடுறீங்களா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. "வேண்டாம்" என்பது நாக்கு நுனியில் தயாராக இருக்கும்!

தண்ணீரும் மோரும் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தால் இருக்கிற பசியும் போய்விடும். இடைவேளையில் வாய் வாயாகக் கொடுத்தோம். சிறுநீர் அடர் மஞ்சளானால் இன்னும் கொஞ்சம். இதயம், சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தண்ணீரின் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வாரம் ஒருமுறை எடை பார்த்தோம். முதல் இரண்டு வாரம் முள் அசையவில்லை. நான்காவது வாரம் அரை கிலோ கூடியிருந்தது. அன்றைக்கே வத்தக்குழம்பு கேட்டார்.