பொட்டு காட்டிய அளவு

2019-ம் வருஷம் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கையை நான் கெடுத்தேன். வீட்டோடு தையல் தைப்பவள் நான். "பின் கழுத்து நல்லா இறக்கமா வைங்க அக்கா" என்றாள். 10 அங்குலம் வெட்டி விட்டேன். போட்டுப் பார்த்தால் உள்பாடியின் பட்டை வெளியே தெரிகிறது! புடவையோடு வந்த துணி, வேறு துண்டுக்கு எங்கே போவது? பாவம், அந்தப் பெண் மணையில் முந்தானையால் முதுகை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அதிலிருந்து, இறக்கக் கழுத்து கேட்பவர்களுக்கு முதலில் போட்டோவில் வரைந்து காட்டி விட்டுத்தான் கத்தரியை எடுக்கிறேன்.

போன மாசம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். அவளுக்கும் 10 அங்குலம்தான் வேண்டுமாம், பானைக் கழுத்து. "கல்யாணத்தன்னிக்குப் போடப்போற உள்பாடியையே போட்டு, மேலே சரியாப் பொருந்துற பழைய ரவிக்கையோட வாம்மா" என்றேன். அந்த ரவிக்கையின் பின் கழுத்து, தோள் தையலிலிருந்து அளந்ததில் 6 அங்குலம் இருந்தது. உள்ளே பட்டையின் மேல் விளிம்பைத் தடவிப் பார்த்து, அந்த இடத்தில் முதுகுத்தண்டுக்கு நேராக ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன்.

கூந்தலைத் தூக்கி முடிந்து, கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். அவள் போனிலேயே அவள் அம்மாவை எடுக்கச் சொன்னேன். (முதுகுப் படம் அவர்களிடமே இருப்பதுதானே நல்லது?) ஆறேழு அடி தள்ளி நின்று, போனை முதுகின் உயரத்துக்கு இறக்கி நேராகப் பிடிக்க வேண்டும். சாய்த்து எடுத்த படத்தில் அளவு ஏமாற்றிவிடும்.

இனி வேலை சுலபம். படத்தில் தோள் தையல் மட்டத்திலிருந்து கழுத்தின் அடி வரைக்கும் ஒரு காகிதத் துண்டை வெட்டினேன். அது 6 அங்குலத்துக்குச் சமம். மூன்றாக மடித்தால் ஒரு மடிப்பு 2 அங்குலம். பழைய கழுத்துக்குக் கீழே இரண்டு மடிப்பு இறக்கினால் அவள் கேட்ட 10. போனிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினேன். கோடு பொட்டுக்கும் கீழே ஓடியது!

"ஐயய்யோ, பட்டை தெரியுமே அத்தை!"

ஒரு மடிப்பு மட்டும் இறக்கி 8 அங்குலத்தில் பானை வரைந்தேன். பொட்டுக்கு ஓர் அங்குலம் மேலேயே நின்றது. அவளுக்கும் பிடித்துப் போயிற்று.

ஆனால் தோள் நழுவுமா என்பதைப் படம் சொல்லாது. பானை அகலமாக இருப்பதால், தோளிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே இரு பக்கமும் நாடா வைத்தேன். மடித்துத் தைக்கையில் கழுத்து கால் அங்குலம் இன்னும் இறங்கும் அல்லவா? அதனால் 7¾-ல்தான் வெட்ட வேண்டும். முதலில் லைனிங் துணியை மட்டும் மூட்டி, அவளைப் போட்டுக் குனிந்து நிமிரச் சொல்லிப் பார்த்த பிறகே பட்டில் கத்தரி வைத்தேன்.