‘கை வெட்டிக்கிச்சு’ என்பதை பிரெஞ்சில் எப்படி எழுதுவது?

இன்று ஒரு மெயிலைப் பற்றி எழுதுகிறேன். வேலை செய்யும் இடத்தில் நடந்த சின்ன விபத்தைப் பற்றி பாதுகாப்பு அதிகாரிக்கு பிரெஞ்சில் எழுதிய மெயில். மொத்தம் பன்னிரண்டு வரிகூட இருக்காது. ஆனால் அதை எழுதி முடிக்க எனக்கும் என் பழைய மாணவனுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிள்ளைகள் பிரான்சில் வேலை செய்யும் வீடுகளில் இதைப் படித்துக் காட்டினால் பயன்படும்.

பையன் கருவேப்பிலங்குறிச்சிக்காரன். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படித்தவன். நம்மூர் பட்டறைகளில் ஃபியூஸ் கட்டையும் அகல் விளக்கும் சுட்டுப் பழகிய கை. புதுச்சேரியில் என்னிடம் இரண்டு வருடம் பிரெஞ்சு படித்தான். இப்போது லிமோஜ் பக்கம் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் உலைக்கூடத்தில் வேலை. லிமோஜ் அந்த நாட்டின் பீங்கான் ஊர். நமக்கு விருத்தாசலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. இரவு ஒன்பதரை மணிக்குக் கூப்பிட்டான். அங்கே அப்போது மாலை ஐந்து மணி.

“சார், கையில ஒரு சின்ன வெட்டு. கட்டுப் போட்டாச்சு, வேலையும் செஞ்சுட்டேன். ஆனா சேஃப்டி ஆபீசருக்கு மெயில் போடணும்ங்கறாங்க. தப்பு என் மேல தான்னு வந்துடுமோன்னு பயமா இருக்கு சார்.”

எழுதி வைத்திருந்ததை அனுப்பச் சொன்னேன். முதல் வரியே மன்னிப்பு. இரண்டாம் வரியில் ‘என் கவனக்குறைவால்’. மூன்றாம் வரியில் ‘மிகச் சிறிய விபத்து, கவலைப்பட வேண்டாம்’. கடைசியில் இனிமேல் இப்படி நடக்காது என்ற உறுதிமொழி. எந்தக் கை, எத்தனை மணி, எந்த இடம், யார் பார்த்தார்கள் என்பது எதுவும் இல்லை. நம் பள்ளிக்கூடங்களில் விடுப்புக் கடிதம் எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும்.

நான் அவனுக்கு முதலில் சொன்னது பிரெஞ்சு இலக்கணம் அல்ல, அந்த நாட்டுச் சட்டம். பிரான்சில் வேலை நேரத்தில், வேலை இடத்தில் நடந்த விபத்து என்றால் அது வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தொழிலாளி கவனமாக இருந்தாரா என்பது அந்தக் கேள்வியிலேயே வராது. வேண்டுமென்றே தன்னைக் காயப்படுத்திக்கொண்டால்தான் உரிமை போகும். அதனால் ‘என் கவனக்குறைவு’ என்று எழுதுவதில் பணிவும் இல்லை, பயனும் இல்லை. அது ஒரு தீர்ப்பு. மெயில் கேட்பது நடந்த விஷயத்தை.

ஆனால் ஒன்று: அந்த வேலை நேரத்தில், அந்த இடத்தில் ஒரு விபத்து நடந்தது என்பது நிரூபணம் ஆக வேண்டும். காயம்பட்டவர் வாய்ச்சொல் மட்டும் அதற்குப் போதாது. இந்த இடத்தில்தான் தேதியும் நேரமும் சாட்சியும் வருகின்றன. விபத்து நடந்த அன்றே, தவறினால் 24 மணி நேரத்துக்குள், தொழிலாளி முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். முதலாளி அதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் நோய்க் காப்பீட்டு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். ஞாயிறும் விடுமுறையும் அதில் சேராது. அந்த அலுவலகத்தை அங்கே செபாம் என்பார்கள். டாக்டரும் தேவைப்படவில்லை, லீவும் எடுக்கவில்லை என்றால், முதலாளி அதைத் தம்மிடமுள்ள சிறு விபத்துப் பதிவேட்டில் எழுதி வைத்தால் போதும். இவன் மெயில் அந்தப் பதிவேட்டுக்குத்தான்.

அடுத்துதான் மொழிக்கு வந்தோம்.

நாம் ‘கை வெட்டிக்கிச்சு’ என்போம். யார் வெட்டினார்கள் என்ற கேள்வியே அதில் எழாது. பிரெஞ்சில் இயல்பாகச் சொல்வது ‘ழ மெ சுயி கூபே’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நான் என்னை வெட்டிக்கொண்டேன்’. பையன் பதறிவிட்டான். “சார், நானே வெட்டிக்கிட்டேன்னு ஒத்துக்கற மாதிரி இருக்கே!” இல்லை. கத்தியால் காய் நறுக்கும்போது விரலில் பட்டாலும், கண்ணாடி கிழித்தாலும் அந்த ஊர்க் குழந்தைகூட அப்படித்தான் சொல்லும். அதில் குற்றமும் இல்லை, வேண்டுமென்றே என்ற பொருளும் இல்லை. அதைத் தவிர்க்கப் போய்ச் சுற்றி வளைத்து எழுதினால்தான் எதையோ மறைக்கிற மாதிரி தெரியும். இன்னொன்று, ‘என் கட்டைவிரல்’ என்று அங்கே எழுதமாட்டார்கள். ‘இடது கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன்’ என்றாலே யாருடையது என்று தெரிந்துவிடும். இடதா வலதா என்பதை மட்டும் விடவே கூடாது.

வினைச்சொல்லின் காலத்திலும் கவனம் வேண்டும். விபத்துக்கு முன்பே நடந்துகொண்டிருந்த வேலைக்கு அம்பார்ஃபே என்ற இறந்தகாலம்: ‘இறக்கிக்கொண்டிருந்தேன்’. திடீரென்று நடந்து முடிந்ததற்கு பாசே கொம்போசே: ‘வெட்டிக்கொண்டேன்’. இரண்டையும் ஒரே காலத்தில் எழுதினால், இறக்கி முடித்த பிறகு எங்கோ வெட்டிக்கொண்டான் என்று படிக்க இடமுண்டு. விபத்து வேலையின் நடுவில் நடந்தது என்பதை அந்த ஒரு வினைமுடிவுதான் சொல்கிறது.

நீண்ட பேச்சு சாட்சியைப் பற்றி. பையன் இரண்டு பெயர்களைச் சாட்சி என்று போட்டிருந்தான். “ரெண்டு பேரும் பார்த்தாங்களாப்பா?” என்று கேட்டேன். ஒருவர் அதே வண்டியில் எதிர்ப்பக்கம் தட்டு இறக்கிக்கொண்டிருந்தவர், கண்ணால் பார்த்தவர். மற்றவர் குழுத் தலைவர். ஐந்து நிமிடம் கழித்து இவன் போய்ச் சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரியும். முதலாளி செபாமுக்கு அனுப்பும் படிவத்திலேயே இந்த வேறுபாடு உண்டு. பார்த்தவர் ‘தெமுவான்’, அதாவது சாட்சி. பார்க்காமல் முதலில் கேள்விப்பட்டவர் ‘ப்ரெமியேர் பெர்சோன் அவிசே’, முதலில் தகவல் பெற்றவர். இரண்டும் மதிப்புள்ளவை. ஆனால் பார்க்காதவரைப் பார்த்தவர் என்று எழுதி, நாளை அவரைக் கேட்கும்போது ‘நான் பார்க்கவில்லை’ என்று சொன்னால், உண்மையாகப் பார்த்தவரின் சொல்லுக்கும் வலு குறைந்துவிடும்.

கடைசியாகக் கையுறை. வெட்டுப்பட்ட நேரத்தில் இடது கையில் கையுறை இல்லை. பலகையில் பொறித்த எண்ணைத் துடைத்துப் பார்ப்பதற்காகக் கழற்றியிருக்கிறான். உலைப் பலகையின் விளிம்பில் கிளேஸ் ஒழுகி இறுகினால் அது கண்ணாடிச் சில்லுதான். நம்மூர் பட்டறைக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. “கையுறையை எழுத வேண்டாமே சார்” என்றான். எழுது என்றேன். எதிரே நின்றவர் பார்த்திருக்கிறார். எழுதாமல் விட்டு அவர் சொல்லி வெளியே வந்தால் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார்கள். ‘கழற்றியிருந்தேன், இந்தக் காரணத்துக்காக’ என்று ஒரு வரி போதும். பாதுகாப்பு அதிகாரிக்கும் அந்த வரிதான் முக்கியம். எண்ணைப் படிக்கக் கையுறையைக் கழற்ற வேண்டியிருக்கிறது என்றால் மாற்ற வேண்டியது எண் பொறிக்கும் முறையை.

கடைசியில் போன மெயில் தமிழில் இது. பெயர்களை எடுத்துவிட்டேன்.

பொருள்: 12 மார்ச் 2024 அன்று 14.20 மணிக்கு நடந்த வேலை விபத்து.

ஐயா, 12 மார்ச் 2024 செவ்வாய்க்கிழமை 14.20 மணிக்கு, உலைக்கூடத்தில், 2ஆம் எண் உலை வண்டியிலிருந்து சுட்ட தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். பலகை விளிம்பில் இறுகியிருந்த கிளேஸ் துளியில் பட்டு இடது கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன். பலகை எண்ணைத் துடைத்துப் படிப்பதற்காக இடது கையுறையைக் கழற்றியிருந்தேன்.

காயம் கட்டைவிரலின் அடிப்பகுதியில், சுமார் 2 செ.மீ. நீளம். 14.30 மணிக்கு முதலுதவிப் பயிற்சி பெற்ற ஊழியர் (பெயர்) கழுவிக் கட்டுப் போட்டார். 14.50 மணிக்கு வேலைக்குத் திரும்பினேன்.

நேரில் பார்த்த சாட்சி: (பெயர்), அதே வண்டியில் எதிர்ப்பக்கம் வேலை செய்தவர். முதலில் தகவல் பெற்றவர்: (பெயர்), குழுத் தலைவர், 14.25 மணிக்கு.

இதைப் பதிவேட்டில் பதியும்படியும், இந்த மெயில் கிடைத்ததைத் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

அவ்வளவுதான். ‘சிறிய’ என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சிறியதா பெரியதா என்று அன்று மாலையே யாருக்கும் தெரியாது. 2 செ.மீ. என்று அளவு சொன்னால் போதும். மெயில் கிடைத்ததாகப் பதில் கேட்டதற்கும் காரணம் உண்டு. அன்றே தெரிவித்தான் என்பதற்கு அந்தப் பதிலில் உள்ள தேதியே ஆதாரம். அவர்கள் நேரம் 18.10க்கு மெயில் போனது. மறுநாள் காலை பதில் வந்தது, பதிவேட்டிலும் ஏறியது. பதிவேட்டில் அவனும் கையெழுத்துப் போட்டான்.

சனிக்கிழமை விரல் வீங்கிவிட்டது. உள்ளே சீழ். டாக்டர் மருந்து எழுதி, ஐந்து நாள் ஓய்வு கொடுத்து, விபத்துக்கான முதல் மருத்துவச் சான்றிதழும் கொடுத்தார். பதிவேட்டில் மட்டும் எழுதிய விபத்து இப்படிச் சிகிச்சைக்கும் லீவுக்கும் போனால், முதலாளி அது தெரிந்த 48 மணி நேரத்துக்குள் செபாமுக்கு முறையாக அறிவிக்க வேண்டும். அறிவித்தார்கள். செவ்வாய்க்கிழமைக் காயம், சனிக்கிழமை சீழ்: நடுவில் வீட்டில் வெட்டிக்கொண்டானோ என்று கேட்க வழியே இல்லை. இடது கட்டைவிரலின் அடி, 2 செ.மீ. என்று பதிவேட்டில் இருந்தது; டாக்டரின் சான்றிதழும் அதே இடத்தைத்தான் சொன்னது. சாட்சியிடம் போனில் கேட்டார்கள். அவர் பார்த்ததைச் சொன்னார், கையுறை உட்பட. வேலை விபத்து என்று ஏற்றுக்கொண்டார்கள். வைத்தியச் செலவு அவன் கையிலிருந்து போகவில்லை, ஓய்வு நாட்களுக்கு உதவித்தொகையும் வந்தது.

நம்மூரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாத காயத்தைத்தான் அதிகாரிக்கு அறிவிக்கச் சொன்னது. ஆனால் ஈ.எஸ்.ஐ. உள்ள இடங்களில் விபத்துப் புத்தகம் என்று ஒன்று இருக்க வேண்டும். சாட்சிகள் பெயருக்கும் அதில் இடம் உண்டு. பட்டறையில் மஞ்சளை வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறவர்கள், அன்று மாலை அந்தப் புத்தகத்தில் நான்கு வரி ஏற்றச் சொல்லுங்கள். எந்தக் கை, எத்தனை மணி, எந்த இடம், யார் பார்த்தது. தமிழிலேயே எழுதலாம்.

பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் யாருக்காவது மெயிலின் பிரெஞ்சு வடிவம் வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.