சாவி கொடுக்க ஒரு வீடு

கணவருக்கு மாற்றல் வந்து மதுரையிலிருந்து புனேவுக்குப் போனோம். எனக்கு அங்கே மூன்று பேர் தேவைப்பட்டார்கள். சாவி கொடுக்க ஒருவர், மகளை ஸ்கூல் பஸ்ஸிலிருந்து கூட்டி வர ஒருவர், ராத்திரியில் கதவைத் தட்ட ஒருவர்.

அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் தண்ணீர் லாரியும் பார்க்கிங் தகராறும்தான் பேச்சு. எனவே பஸ் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே தினமும் கேட்டில் போய் நிற்க ஆரம்பித்தேன். ஒரே நேரம், ஒரே இடம் என்பதால் மூன்றாவது வாரத்தில் புன்னகை பேச்சாக மாறியது. அப்புறம், "பக்கத்துல நல்ல குழந்தை டாக்டர் யாருங்க?" என்று சின்னதாக ஒரு உதவி கேட்டேன். மறுநாள் அவர்களே, "டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று விசாரித்தார்கள்.

ஜனவரியில் சங்கராந்தி வந்தது. மராத்தி வீடுகளில் அன்று தொடங்கி ரதசப்தமி வரை, ஏதாவது ஒருநாள் 'ஹல்தி குங்கு'வுக்குப் பெண்களை அழைப்பார்கள். நம் ஊர் கொலுவுக்கு அழைப்பது போலத்தான். மஞ்சள் குங்குமமும் எள்ளுருண்டையும் கொடுப்பார்கள். பஸ் தோழி அழைத்தார், போனேன். ஒரே மாலையில் நான்கு வீடுகள் அறிமுகமாயின. அடுத்த வாரம் அவர்களை நான் அழைத்தேன்.

சிரித்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவசரத்துக்கு வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஒருநாள் எதிர்வீட்டு அக்கா தன் சாவியை என்னிடம் நீட்டி, "கேஸ் சிலிண்டர் வந்தா வாங்கி வச்சிடுங்க" என்றார். அவர் என்னிடம் உதவி கேட்ட பிறகுதான், எங்கள் வீட்டு மாற்றுச் சாவியை அவரிடம் கொடுத்தேன்.