திரும்பி வராத காகிதங்கள்

போன மாதம் என் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் 14 வருடமாக எழுத்தர் வேலை. அவள் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. அங்கே ஒரு பள்ளியில் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம்.

"மாமா, நீங்க ஆபீசுலயே காலம் தள்ளுனவரு. இதைக் கொஞ்சம் பாருங்க" என்று படிவத்தை நீட்டினாள்.

அதில் ஒரு கட்டம்: உங்கள் சாதனைகளை எண்ணிக்கையுடன் குறிப்பிடவும். அவள் எழுதியிருந்தது: 'அனைத்து அலுவலகப் பணிகளையும் 100 சதவீதம் பிழையின்றிச் செய்தேன்.'

"இந்த நூறு எங்கேயிருந்து வந்தது?" என்றேன்.

"சும்மா போட்டேன் மாமா. வியாபாரத்துல இருக்கிறவங்க இத்தனை லட்சத்துக்கு வித்தேன்னு எழுதுவாங்க. நான் டி.சி. எழுதுறேன், ஃபீஸ் ரசீது போடுறேன். இதுல எண்ணுறதுக்கு என்ன இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் எண்ணிக்கையை நம்பி நானே ஒரு காலத்தில் ஏமாந்திருக்கிறேன். ஏமாந்தேன் என்பதைவிட, இன்னொருவரை அலைய வைத்தேன் என்பதுதான் சரி.

கல்வித் துறை அலுவலகம் ஒன்றில் ஓய்வூதியப் பிரிவில் உதவியாளராக இருந்த சமயம். அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தன்பதிவேடு தெரியும். நம் மேசைக்கு வரும் ஒவ்வொரு தபாலுக்கும் அதில் ஒரு எண், வந்த தேதி, என்ன செய்தோம், எப்போது முடித்தோம் என்று எழுத வேண்டும். மாதக் கடைசியில் வந்தது எத்தனை, முடித்தது எத்தனை, நிலுவை எத்தனை என்று கணக்குக் கொடுக்க வேண்டும். என் நிலுவைதான் பிரிவிலேயே குறைவு. கண்காணிப்பாளர் மற்றவர்களிடம் என் பதிவேட்டைக் காட்டுவார்.

அந்தப் பெருமையின் ரகசியம் இதுதான். ஒரு கோப்பில் குறை இருந்தால், அந்தக் குறையைக் கேட்டுப் பள்ளிக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். திருப்பி அனுப்பினால் என் கணக்கில் அது முடிந்தது. மறுபடி வந்தால் புது எண். அடுத்த குறையைக் கேட்டு மறுபடி திருப்பினால் இன்னொன்று முடிந்தது.

இறந்துபோன ஓர் ஆசிரியரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டியிருந்தது. முதல் தடவை வாரிசுச் சான்று இல்லை என்று திருப்பினேன். இரண்டாம் தடவை புகைப்படத்தில் சான்றொப்பம் இல்லை. மூன்றாம் தடவை, பணிப்பதிவேட்டில் சில மாதங்களுக்குப் பணிக்காலம் சரிபார்த்த குறிப்பு இல்லை. மூன்று குறையும் முதல் நாளே அந்தக் கோப்பில் இருந்தவைதான். என் கணக்கில் மூன்று முடிவு. அந்த அம்மாவுக்கு 11 மாதம் பணம் இல்லை.

ஒரு நாள் அவரே வந்துவிட்டார். கோபப்படவில்லை. "தம்பி, இன்னும் என்னென்ன வேணும்னு ஒரே தடவையாச் சொல்லிடுங்க. பஸ்ஸுக்குக் கடன் வாங்கித்தான் வரேன்" என்றார். அன்று இரவு சாப்பிட முடியவில்லை.

மறுநாளிலிருந்து கோப்பு வந்ததும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பார்த்து, எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் எழுத ஆரம்பித்தேன். தன்பதிவேடு தவிர ஒரு சின்ன நோட்டும் போட்டேன். கோப்பு வந்த தேதி, எத்தனை தடவை பள்ளிக்குத் திருப்பினேன், மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு அனுப்பிய தேதி, அங்கிருந்து குறை கேட்டுத் திரும்பி வந்ததா என்பது மட்டும். பழைய கோப்புகளைப் புரட்டி முந்தைய வருடக் கணக்கையும் எடுத்தேன். அந்த வருடம் அனுப்பிய 41 கருத்துருக்களில் 15 குறையோடு திரும்பியிருந்தன. அடுத்த வருடம் 37 அனுப்பினேன். 4 திரும்பின.

வேடிக்கை என்னவென்றால், மாதாந்தரக் கணக்கில் நான் முடித்தவற்றின் எண்ணிக்கை இறங்கிவிட்டது. ஒரே தடவையில் முடிந்தால் ஒன்றுதானே! "என்னப்பா, சுணக்கம் தெரியுதே?" என்று கண்காணிப்பாளர் கேட்டார். நோட்டைக் காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அக்கா மகளிடம் கேட்டேன். "நீ எத்தனை செஞ்சேங்கிறது இருக்கட்டும். நீ செஞ்சு அனுப்பினதுல எது திரும்பி வரும்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரும் மாமா. பேர் தப்பு, இனிஷியல் தப்பு, பிறந்த தேதி தப்புன்னு திருத்தத்துக்கு வருவாங்க. பரீட்சைக்கு முன்னாடி நாங்க அனுப்புற பெயர்ப் பட்டியல்ல இருக்கிறதுதான் அச்சாகும். பின்னாடி திருத்துறது பெரிய அலைச்சல்."

திருத்த விண்ணப்பங்களின் அலுவலக நகல் கோப்பில் இருக்குமா என்றேன். இருக்கும் என்றாள். அடுத்த வாரம் எண்ணிக்கொண்டு வந்தாள். 2018இல் 79 மாணவர்களில் 7 பேருக்குத் திருத்தம். 2019இல் 84 பேரில் 9. ஒரு வருடத்தை மட்டும் எடுத்தால் அது கெட்ட வருடமாக இருந்திருக்கலாம் என்பதால் இரண்டையும் சேர்த்தோம்: 163க்கு 16. 2020, 2021இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பரீட்சையே நடக்கவில்லை, அவற்றை விட்டுவிட்டோம். 2022 முதல் 2024 வரை மூன்று வருடமும் சேர்த்து 251 பேர். திருத்தம் 2.

"நடுவுல என்ன செஞ்சே?"

"பட்டியலை அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பையனோட வரியையும் தனித் தாள்ல எடுத்து வீட்டுக்குக் குடுத்து விட்டேன். அப்பாவோ அம்மாவோ பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். வராத தாளை கிளாஸ் டீச்சர்தான் விரட்டி வாங்கித் தருவாங்க."

அப்படியானால் டீச்சர்களின் பங்கையும் எழுத வேண்டும் என்றேன். தலையாட்டினாள். பிறகு தயங்கினாள். "ஆனா மாமா, அந்தப் பழைய 16 தப்பும் என் காலத்துலதானே? அதைப் போட்டா என் குறை தெரிஞ்சுடாதா?"

"தெரியும். அதை மறைச்சா இந்த 2 பெரிசா சின்னதான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

டி.சி. இப்போது அன்றன்றே கொடுக்கிறாள், முன்பு மூன்று நாள் ஆகும் என்றாள். எழுதலாமா என்று பார்த்தோம். டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டையில் கொடுத்த தேதி இருக்கிறது. பழைய விண்ணப்பங்களை வைத்திருக்கவில்லை. கேட்ட தேதி கிடைக்கவில்லை. ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அழுதுகொண்டு வரும் பெற்றோரை உட்கார வைத்துப் பேசுவதும் அவள் வேலைதான். அதற்கு எண் தேடவே இல்லை. தலைமையாசிரியர் தரும் சான்றுக் கடிதத்தில் வரட்டும் என்றேன்.

கட்டத்தில் கடைசியாக எழுதியது இவ்வளவுதான்: 'பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலை அனுப்புமுன் பெற்றோரிடம் கையெழுத்துடன் சரிபார்க்கும் முறையை, வகுப்பாசிரியர்கள் உதவியுடன் கொண்டுவந்தேன். மதிப்பெண் சான்றிதழ் திருத்தங்கள் 163 மாணவர்களுக்கு 16 (2018, 2019) என்பதிலிருந்து 251 மாணவர்களுக்கு 2 (2022–2024) ஆகக் குறைந்தன.'

நேற்று கோயம்புத்தூரிலிருந்து ஃபோன் செய்தாள். நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்விதான் அதைப் பற்றிக் கேட்டார்களாம்: அந்த 2 என்ன? ஒன்றில் பெற்றோரே எழுத்தைத் தவறாகச் சரிபார்த்திருந்தார்கள். இன்னொன்றில் அவள் கைப்பிழை. இரண்டையும் அப்படியே சொல்லியிருக்கிறாள். நூறு சதவீதம் என்று எழுதியிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ!

முடிவு இன்னும் வரவில்லை. என் சின்ன நோட்டு பரணில்தான் எங்கேயோ கிடக்கிறது. இந்த வாரம் இறக்கிப் பார்க்க வேண்டும். அந்த அம்மாவின் கோப்பு அதில் இல்லை. அது, நோட்டுப் போடுவதற்கு முந்தைய கணக்கு.